கைப்பிடிச் சுவர் ஓரம் ஒரு நர்ஸ்

அந்த அலுவலகத்தில் அவளுக்கு வேலை ஆள் வைப்பது. கட்டி முடித்த கட்டடங்களின் புகைப்படங்கள் அவள் மேசைக்கு வரும். ஆளே இல்லாத படிக்கட்டு, ஆளே இல்லாத முற்றம், ஆளே இல்லாத நீண்ட வராண்டா. வெறும் கட்டடத்தைப் பார்க்கிறவருக்கு அந்தத் தூண் இரண்டு ஆள் உயரமா, இடுப்பு உயரமா என்று பிடிபடாது. அதன் பக்கத்தில் ஒரு மனிதரை நிறுத்திவிட்டால் சட்டென்று தெரிந்துவிடும். வேறு படங்களிலிருந்து வெட்டி எடுத்த மனிதர்கள் அவளுடைய கணினியில் நூற்றுக்கணக்கில் இருந்தார்கள். பை தூக்கியவர், குடை பிடித்தவர், குழந்தையைக் கையில் பிடித்து நடப்பவர் என்று தேர்ந்தெடுத்து வைப்பாள்.

"ஆள் வைக்கிற அக்கா" என்றுதான் அலுவலகத்தில் பெயர். யாராவது இரண்டு பேர் முறைத்துக்கொண்டால், அக்காவிடம் சொல்லிவிடுவேன், ஆள் வைத்துவிடுவாள் என்று மிரட்டிக்கொள்வார்கள். அவளும் சேர்ந்து சிரிப்பாள். ஆள் வைத்து அடிக்கிற ரகமா அவள்? வீட்டைப் பூட்டிக்கொண்டு தெருமுனை வரை வந்தவள், பூட்டினோமா என்ற சந்தேகத்தில் திரும்பிப் போய் பூட்டை இழுத்துப் பார்ப்பாள். லிஃப்ட் குலுங்கினால் கண்ணை மூடிக்கொள்வாள். முதலாளி "கொஞ்சம் உள்ளே வாம்மா" என்று கூப்பிட்டால், என்ன தப்பு செய்தோம் என்று இரண்டு வாரத்து வேலையை மனதில் புரட்டிக்கொண்டே போவாள். நாற்பத்திரண்டு வயதிலும் அது மாறவில்லை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தங்கையுடன் ஒரு சின்ன வீட்டில் இருந்தாள். தங்கை நர்ஸ். அக்காவுக்கும் சேர்த்து அவளே தைரியமாக இருந்துவிடுவாள்.

வேலையில் மட்டும் அக்காவுக்குப் பயம் கிடையாது. அதற்கு ஒரு கோடு காரணம். படத்தில் தூரத்தில் போகும் தரைக் கோடுகள், கூரைக் கோடுகள் எல்லாவற்றையும் நீட்டிக்கொண்டே போனால் அவை ஒரு புள்ளியில் கூடும். அந்தப் புள்ளி வழியாகக் குறுக்கே ஒரு கோடு இழுத்தால் அதுதான் தொடுவானக் கோடு. கேமரா எந்த உயரத்தில் இருந்ததோ, அந்த உயரம் அது. சமதரையில் கேமரா ஒரு ஆளின் கண் உயரத்தில் இருந்திருந்தால், அந்த உயரமுள்ள யாரை எங்கே நிறுத்தினாலும் அவர் கண் அந்தக் கோட்டில்தான் இருக்கும். பக்கத்தில் நிற்பவர் பெரிதாக இருப்பார், தூரத்தில் நிற்பவர் விரல் அளவு இருப்பார், கண்கள் மட்டும் ஒரே கோட்டில். இதைத் தப்பாக வைத்தால் பார்க்கிறவருக்குக் காரணம் தெரியாது, ஆனால் ஆள் மிதப்பதுபோலவோ பள்ளத்தில் நிற்பதுபோலவோ உறுத்தும். பதினோரு வருடத்தில் அவள் வைத்த ஒரு ஆளும் மிதந்ததில்லை.

அந்தத் திங்கட்கிழமை வந்தது புதிதாகக் கட்டிய பிரசவ மருத்துவமனையின் படம். வெள்ளிக்கிழமை திறப்பு விழா. அழைப்பிதழின் அட்டைக்கு நாலாம் மாடி வராண்டாவை அனுப்பியிருந்தார்கள். வலது பக்கம் அறைகளின் கதவுகள் வரிசையாக. இடது பக்கம் கைப்பிடிச் சுவர், அதற்கு வெளியே வெறும் வெளிச்சம். கீழே முற்றம். அங்கேதான் விழா மேடை போடப் போகிறார்கள். கைப்பிடிச் சுவர் ஓரம் ஒரு நர்ஸ் நிற்கிற மாதிரி வேண்டும் என்று கட்டுமான நிறுவனம் கேட்டிருந்தது. தங்கைக்கு அதே மருத்துவமனையில்தான் வேலை கிடைத்திருந்தது. அதனால் அவளுக்கு அந்தப் படத்தின் மேல் தனி ஆசை.

தரை டைல்ஸின் கோடுகளை நீட்டினாள். கூரை விளிம்பை நீட்டினாள். கூடிய இடத்தில் கோடு இழுத்தாள். நல்ல உயரமான நர்ஸாக, நூற்றறுபது செண்டிமீட்டர் பெண் ஒருத்தியை எடுத்து, கண்ணைக் கோட்டில் வைத்து, பாதத்தைச் சுவரடியில் ஊன்றினாள். பார்த்தால் ஏதோ சரியில்லை. சுவர் அந்தப் பெண்ணின் தொடைவரைதான் வந்தது. இடுப்புக்கு ஒரு சாண் கீழே.

ஆளைத் தப்பாக வைத்துவிட்டோம் என்றுதான் முதலில் நினைத்தாள். எடுத்துவிட்டு மறுபடி வைத்தாள். தூரத்தில் வைத்தாள். கிட்டத்தில் வைத்தாள். எங்கே வைத்தாலும் சுவர் தொடையிலேயே நின்றது.

அப்புறம் கணக்குப் போட்டாள். புகைப்படக்காரருக்கு ஃபோன் செய்து கேமரா என்ன உயரத்தில் இருந்தது என்று கேட்டாள். எப்போதும்போல ஒன்றரை மீட்டர், ட்ரைபாடைத் தரையில்தான் வைத்தேன், ஸ்டூல் கீல் எதுவும் போடவில்லை என்றார் அவர். அவர் நினைப்பை மட்டும் நம்பாமல் கதவை அளந்தாள். இந்த மாதிரிக் கதவு இரண்டு மீட்டர் பத்து. படத்தில் முதல் கதவு எண்ணூற்று நாற்பது பிக்சல் இருந்தது. கதவடியிலிருந்து தொடுவானக் கோடு வரை அறுநூறு. அப்படியானால் கோடு நூற்றைம்பது செண்டிமீட்டரில் இருக்கிறது. புகைப்படக்காரர் சொன்னது சரி. இனி கைப்பிடிச் சுவர். ஓரிடத்தில் சுவரடியிலிருந்து கோடு வரை நானூற்று எண்பது பிக்சல். சுவரின் மேல்விளிம்பு வரை இருநூற்று நாற்பது. சரிபாதி. நூற்றைம்பதில் பாதி எழுபத்தைந்து.

எழுபத்தைந்து செண்டிமீட்டர் சுவர், நாலாம் மாடியில். ஒரு மீட்டருக்கு மேல் இருக்க வேண்டிய சுவர்.

படத்தை முதலாளியிடம் கொண்டுபோய்க் காட்டினாள். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, இறக்கி, இரண்டு தடவை பார்த்தார். நல்ல மனுஷர்தான். ஆனால் அலுவலகத்தின் பாதி வேலை அந்த நிறுவனத்திலிருந்து வந்துகொண்டிருந்தது. அவள் எதிரிலேயே ஃபோன் போட்டார். மறுமுனையில் பேசியவர் வரைபடத்தில் நூற்றைந்து என்று இருக்கிறது, நூற்றைந்துதான் கட்டியிருக்கிறோம், அகல லென்ஸில் எடுத்தால் எல்லாம் இழுத்துத்தான் தெரியும், படம் போடுகிறவர்களுக்குக் கட்டடம் எதற்கு என்றார். முதலாளி சிரித்தபடி சரி சரி என்று வைத்துவிட்டார்.

"ஆளைக் கொஞ்சம் சின்னதாக்கிடும்மா."

"சின்னதாக்கினா கண்ணு கோட்டுக்குக் கீழ போயிடும் சார். சுவர் சரியான உயரமாத் தெரியணும்னா அவங்க நூத்திப் பதினாலு செண்டிமீட்டர்தான் இருக்கணும். நர்ஸ் டிரஸ் போட்ட ஆறு வயசுப் பொண்ணு மாதிரி இருக்கும்."

அவர் மேசையில் விரலால் தட்டிக்கொண்டிருந்தார். பிறகு, நிற்க வேண்டாம், உட்கார வைத்துவிடு என்றார். சக்கர நாற்காலியில் ஒரு அம்மா, மடியில் குழந்தை.

அதில் அளவுப் பொய் எதுவும் இல்லை. உட்கார்ந்தவரின் கண் கோட்டுக்குக் கீழே வருவது நியாயம்தான். அந்த அம்மாவை வைத்தபோது சுவர் அவள் மார்புக்குக் கொஞ்சம் கீழே வரை வந்தது. பார்க்கப் பத்திரமாக, அழகாக இருந்தது. அவள் படத்தை அனுப்பினாள். ஒரு மணி நேரத்தில் ரொம்பப் பிரமாதம் என்று பதில் வந்தது. முதலாளி எட்டிப் பார்த்து நன்றாக வந்திருக்கிறது என்றார். அவள் மட்டும் அன்று மத்தியானச் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுபோனாள்.

செவ்வாய்க்கிழமை காலையில் தங்கை தலை வாரிக்கொண்டே விழா ஏற்பாடுகளைச் சொல்லிக்கொண்டிருந்தாள். சீருடை வந்துவிட்டதாம். வெள்ளிக்கிழமை முற்றத்தில் குத்துவிளக்கு ஏற்றும்போது நர்ஸ்கள் அறுபது பேரும் நாலாம் மாடி வராண்டாவில் வரிசையாக நின்று கீழே பார்த்துக் கையசைக்க வேண்டுமாம். முன்னால் நிற்க இடம் பிடிக்க இப்போதே போட்டியாம்.

"நீ முன்னால நிக்காத" என்றாள் அக்கா.

"ஏன்?"

அவள் சொன்னாள். முதலில் ஒன்றுமில்லை என்றுதான் சொல்லப் பார்த்தாள், குரல் காட்டிக்கொடுத்துவிட்டது. தங்கை சீப்பைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள். வழக்கமாக அக்காவின் பயங்களுக்குச் சிரிப்பவள் இந்தத் தடவை சிரிக்கவில்லை.

"படத்த வெச்சே சொல்றியா? நேர்ல அளந்தியா?"

அளக்கவில்லை. அந்தக் கேள்வி அன்று முழுக்க அவளைப் பிடுங்கித் தின்றது. கணக்குத் தப்பாக இருந்தால் பிழைப்பு போய்விடும். கணக்குச் சரியாக இருந்தால் அதைவிடப் பயங்கரம். பேருந்தில் போகும்போது வரிசையாக அறுபது பேர் நிற்பது கண்ணுக்குள் வந்தது. பின்வரிசை எட்டிப் பார்க்க முன்வரிசையைத் தள்ளும். உடம்பின் பாதி பாரத்துக்கு மேல் சுவருக்கு வெளியே இருக்கும். அவள் இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விட்டாள்.

புதன்கிழமை அரை நாள் லீவு போட்டுவிட்டு, கைப்பையில் அளவு டேப் ஒன்றை வைத்துக்கொண்டு தங்கையுடன் மருத்துவமனைக்குப் போனாள். வாசல் காவலாளியிடம், சொந்தக்காரங்க, இடம் பார்க்க வந்திருக்காங்க என்று தங்கை சொல்லி உள்ளே கூட்டிப்போனாள். லிஃப்ட் இன்னும் ஓடவில்லை. அக்கா சுவரோரமாகவே படி ஏறினாள். மூன்றாம் மாடியில் தங்கையை யாரோ கூப்பிட்டு, தலையணை உறைகளை எண்ணித் தரச் சொல்லி நிறுத்திக்கொண்டார்கள். நீ போய்க்கிட்டே இரு, வந்துடறேன் என்றாள் தங்கை.

நாலாம் மாடியில் பெயின்ட் வாசனை. அவள் படத்தில் பார்த்த வராண்டா அப்படியே நீண்டு கிடந்தது. அவள் கதவுகள் இருந்த பக்கமாக, சுவரில் கை வைத்துக்கொண்டே நகர்ந்தாள். எதிர்ப்பக்கம் வானம் தேவைக்கு மேல் தெரிந்தது. வராண்டாவின் நடுவிலிருந்து கைப்பிடிச் சுவருக்கு நாலடி. அந்த நாலடியை அவள் நடந்து கடக்கவில்லை. உட்கார்ந்து, தவழாத குறையாகப் போய்ச் சேர்ந்தாள். டேப்பின் முனையைத் தரையில் அழுத்தி, மேலே இழுத்துப் பார்த்தாள்.

எழுபத்தாறு.

ஒரு செண்டிமீட்டர்தான் பிசகு. கணக்குப் பலித்த சந்தோஷம் ஒரு மூச்சு நேரம் வந்தது. அடுத்த மூச்சில் போய்விட்டது. இதுவரை அது ஒரு படத்தில் இருந்த சுவர். இப்போது அவள் தோள் உரசுகிற சுவர்.

அப்போதுதான் நர்ஸ்களுக்குத் தலைவியான மேட்ரன் வந்தார். நல்ல உயரம், கனத்த உடம்பு, வெள்ளைப் புடவை. உட்கார்ந்திருந்தவளை அவர் கவனிக்கவில்லை. கீழே மேடைக்குக் கம்பம் நடுபவர்கள் எதையோ தப்பாக நட்டிருக்க வேண்டும். அவர் விறுவிறுவென்று சுவரோரம் போய், அந்தக் கம்பம் இல்லை, அடுத்தது என்று கத்தியபடி எட்டிப் பார்த்தார். சுவர் அவர் தொடையைத்தான் பிடித்தது. இடுப்பிலிருந்து மேலே அத்தனையும் வெளியே சாய்ந்தது. காதில் விழவில்லை போலிருக்கிறது, இன்னும் கொஞ்சம் சாய்ந்தார். புதிதாகத் துடைத்த தரையில் அவருடைய செருப்பின் குதிகால் எழும்பியது.

அவள் எப்படி எழுந்தாள் என்று அவளுக்குத் தெரியாது. இரண்டு கையாலும் அவர் இடுப்பைக் கட்டிப் பின்னால் இழுத்தாள். இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்தார்கள்.

"யாரும்மா நீ? என்ன பண்றே?" மேட்ரனுக்கு மூச்சு வாங்கியது. கோபம் கண்ணில் தெரிந்தது.

"சுவர் எழுபத்தாறு செண்டிமீட்டர்தாம்மா இருக்கு" என்றாள் அவள். வேறெதுவும் வாயில் வரவில்லை. டேப்பை நீட்டிக் காட்டினாள்.

மேட்ரன் எழுந்து, புடவையைச் சரிசெய்துகொண்டு, சுவருக்கு நேராக நின்றார். அது தன் உடம்பில் எங்கே வருகிறது என்று குனிந்து பார்த்தார். தினமும் பத்துத் தடவை இந்தப் பக்கம் போகிறேன், கண்ணில் படவே இல்லையே என்றார். பக்கத்தில் ஆள் நிற்கிறதைப் பார்க்காத வரைக்கும் உயரம் கண்ணில் படாதும்மா என்று அவள் சொன்னாள். பிறகு தங்கை ஓடி வந்து அக்கா யார், என்ன வேலை என்பதைச் சொல்ல, மேட்ரன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். கடைசியில் அவர் சொன்னது இதுதான்:

"நிர்வாகத்துக்கு நான் நம்பர் சொன்னா, வரைபடத்தைக் காட்டி என் வாயை அடைச்சிடுவாங்க. நீ முதல்ல வெச்சியே, நின்னுக்கிட்டிருக்கிற நர்ஸ், அந்தப் படத்தைக் குடு."

இது அவள் எதிர்பார்க்காத இடம். அந்தப் படம் நிறுவனத்துக்காக எடுத்தது. அதை வெளியே கொடுத்தால் முதலாளிக்குச் செய்கிற துரோகம் என்றுதான் அவளுக்குத் தோன்றியது. மத்தியானம் அலுவலகத்துக்குப் போய் அவரிடமே கேட்டாள். நடந்ததை எல்லாம் சொன்னாள், மேட்ரன் சாய்ந்ததையும் சொன்னாள். முதலாளியின் முகம் வெளுத்தது. அவருக்கும் பயம்தான் என்பது அவளுக்கு அன்றுதான் தெரிந்தது. பிறகு, நான் டீ குடிக்கப் போகிறேன் என்று எழுந்தார். கதவருகே நின்று திரும்பாமலே சொன்னார்.

"நீ எதை அனுப்பினேன்னு எனக்குத் தெரியாது. தெரியவும் வேண்டாம்."

அவள் கணினி முன் உட்கார்ந்து, நிற்கிற நர்ஸை மறுபடி வைத்தாள். இந்தத் தடவை ஒருத்தி போதாது என்று தோன்றியது. அருகில் ஒருத்தி, நடுவில் ஒருத்தி, தூரத்தில் ஒருத்தி, மூன்று பேர். மூன்று ஜோடிக் கண்களும் ஒரே கோட்டில். அந்தக் கோட்டைச் சிவப்பில் இழுத்துவிட்டாள். முதல் கதவின் ஓரத்தில் இரண்டு மீட்டர் பத்து என்று எழுதினாள். மூவருக்கும் சுவர் தொடைவரை. அவளுக்குப் படம் ஒரு நொடி அசைந்ததுபோல, மூவரும் கீழே எதையோ எட்டிப் பார்க்கப் போவதுபோல இருந்தது. கண்ணை எடுத்துக்கொண்டு அனுப்பு பொத்தானை அழுத்தினாள். அழுத்திய பிறகுதான் பயம் முழுசாக வந்தது. கழிப்பறைக்குப் போய் முகம் கழுவினாள், திரும்பி வந்தாள், மறுபடி போனாள்.

வியாழக்கிழமை முழுக்க ஒரு தகவலும் இல்லை. ஃபோன் அடிக்கும்போதெல்லாம் அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. நிறுவனத்திலிருந்து ஒருவர் முதலாளியை அழைத்துக் கத்துவது கதவைத் தாண்டிக் கேட்டது. முதலாளி எனக்குத் தெரியாது, எனக்குத் தெரியாது என்று மட்டுமே சொல்லிக்கொண்டிருந்தார். மாலை ஐந்து மணிக்குத் தங்கை ஃபோன் செய்தாள். நிர்வாகி படத்தைப் பார்த்ததும், பேச்சை நிறுத்திவிட்டு நேரே நாலாம் மாடிக்கு ஏறிப் போய் நின்று பார்த்தாராம். வராண்டாவின் இரண்டு முனையிலும் பெஞ்சைப் போட்டு அடைத்துவிட்டார்களாம். நர்ஸ்கள் எல்லாரும் கீழே முற்றத்தில்தான் நிற்கப் போகிறார்களாம்.

அக்கா சரி என்றாள். வைத்துவிட்டு, படியில் உட்கார்ந்து அழுதாள்.

நடந்தது என்ன என்பது பிறகு தெரிந்தது. சுவரை நூற்றைந்துக்குத்தான் கட்டியிருக்கிறார்கள். அப்புறம் அறைகளுக்குத் தண்ணீர்க் குழாய் போக வழியில்லை என்று வராண்டாத் தரையை முப்பது செண்டிமீட்டர் நிரப்பி உயர்த்தி, அதன்மேல் டைல்ஸ் ஒட்டிக் கதவுகளை மாட்டியிருக்கிறார்கள். தரை ஏறியது. சுவர் ஏறவில்லை. வரைபடத்தை யாரும் திருத்தவில்லை.

திறப்பு விழா நல்லபடியாக நடந்தது. யாரும் விழவில்லை, எதுவும் நடக்கவில்லை. அதுதான் அவளுக்கு ஒரு வகையில் கஷ்டமாகவும் இருந்தது. ஒன்றும் நடக்காததால், இதற்குப் போய் இவ்வளவு கலாட்டாவா என்று கேட்டவர்களும் உண்டு. அந்த நிறுவனம் அப்புறம் அவர்களுக்கு வேலை கொடுக்கவில்லை. முதலாளி அவளை வேலையை விட்டு அனுப்பவும் இல்லை, அதைப் பற்றிப் பேசவும் இல்லை. ஒரு வருடம் வரை, இன்றைக்குச் சொல்லிவிடுவார் என்று தினமும் எதிர்பார்த்தபடி வேலைக்குப் போனாள். ஐந்து வாரத்தில் சுவர்மேல் இரும்புக் கம்பிகள் பதித்து நூற்றிருபது செண்டிமீட்டருக்கு உயர்த்திவிட்டார்கள். போய்ப் பார், பத்திரமாக இருக்கிறது என்று தங்கை எத்தனையோ தடவை கூப்பிட்டாள். அவள் போகவில்லை.

மறு வருடம் ஒரு நாள் காலையில் மேட்ரனிடமிருந்து ஒரு படம் வந்தது. அதே நிர்வாகத்தின் வேறொரு பழைய மருத்துவமனையில் மூன்றாம் மாடி, குழந்தைகள் வார்டு வராண்டா. ஆள் வெச்சுப் பாத்துச் சொல்லும்மா என்று மட்டும் எழுதியிருந்தார். அவள் தரைக் கோடுகளை நீட்டினாள். கதவை அளந்தாள். கோடு இழுத்தாள். ஒரு நர்ஸை நிறுத்தினாள். சுவர் அவள் விலா எலும்பு வரை வந்தது. நூற்றுப் பதினெட்டு செண்டிமீட்டர். நம்பாமல் இன்னொரு கதவை வைத்து அளந்தாள். நூற்றுப் பதினேழு. அதையே எழுதி அனுப்பிவிட்டு, நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தாள்.